36+24: வாரன்டி கார்டின் பின்பக்கம்

இன்வெர்ட்டர் பேட்டரி வாங்கப் போனால் கடைக்காரர் விலைக்கு முன்பே சொல்லிவிடுவார்: "அறுபது மாசம் வாரன்டி சார்." பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் 36+24 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கூட்டினால் ஐந்து வருடம். வாங்கியவர் நிம்மதியாகக் கார்டை பீரோவுக்குள் வைத்துவிடுவார். நான்காவது வருடத்தில் ஒரு நாள் கரண்ட் போய்ப் பத்து நிமிடத்திலேயே மின்விசிறியும் நின்றுபோகும்போதுதான் கார்டு வெளியே வரும். அதன் பின்பக்கம் முழுக்க எறும்புச் சாரை போல ஆங்கிலம்.

பிறகு நடப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். கார்டை செல்போனில் படம் எடுத்து, சென்னையில் வேலை பார்க்கும் மகளுக்கோ பக்கத்து வீட்டு டீச்சருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். "இதுல என்னம்மா போட்டிருக்கு, கொஞ்சம் தமிழ்ல எழுதி அனுப்பு" என்று கூடவே ஒரு குரல்பதிவும் போகும். மகளும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்பார். முதல் வரி பெரும்பாலும், எங்கள் தயாரிப்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்பதாக இருக்கும். அந்த வரியால் வீட்டில் இருப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்குத் தெரிய வேண்டியது, எந்தெந்தப் பழுதுக்கு மாற்றித் தர மாட்டார்கள், எந்தத் தேதிக்குள் கேட்க வேண்டும், கேட்கும்போது கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்பவைதான். மற்றதையெல்லாம் இரண்டு வரியில் சுருக்கிவிட்டாலும் குறையில்லை.

வேலை படத்திலிருந்தே தொடங்குகிறது. பேட்டரி கார்டு பெரும்பாலும் மடித்த தாள். விற்றவர் பெயரும் முத்திரையும் ஒரு பக்கம், நிபந்தனைகள் இன்னொரு பக்கம், மாதவாரியான தள்ளுபடி அட்டவணை வேறொரு மடிப்பில். வருகிற படங்களில் முக்கால்வாசி முன்பக்கம் மட்டும்தான் இருக்கும். முகவரி தெரிந்தால் போதும் என்று எடுத்தவர் நினைத்திருப்பார். தாளை முழுக்கப் பிரித்து, ஜன்னலோரமாகச் சமதளத்தில் வைத்து, போனைத் தாளுக்கு நேர் மேலே பிடித்து, ஃப்ளாஷ் இல்லாமல் பக்கத்துக்கு ஒரு படமாக எடுக்க வேண்டும். வழவழப்பான தாளில் ஃப்ளாஷ் பட்டால் நடுவில் வெள்ளையாகப் பூத்துவிடும், அந்த இடத்து எழுத்து போய்விடும். சின்ன எழுத்துகள் உள்ள பக்கத்தை மேல்பாதி, கீழ்பாதி என இரண்டாக எடுப்பது நல்லது. முக்கியமாக, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பப்படும். பெரிதாக்கிப் பார்க்கையில் 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும்.

கார்டோடு இன்னும் இரண்டு படங்கள் வேண்டும். ஒன்று கடை பில். மற்றது பேட்டரியின் உடம்பிலேயே பதித்திருக்கும் சீரியல் நம்பர். கார்டில் டீலர் கையால் எழுதிய நம்பரும் பேட்டரியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்று வரிக்கு வரி பார்க்க வேண்டும். கடையில் ஒரே நாளில் இரண்டு பேட்டரி விற்று, கார்டு கைமாறிப்போவது உண்டு. நம்பர் ஒத்துப்போகவில்லை என்றால் நிறுவனத்தின் பார்வையில் அது வேறு பேட்டரியின் கார்டு. அதற்கு மேல் என்ன எழுதியிருந்தாலும் பயனில்லை.

பில்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கடைகள் தருவது வெப்பத்தில் அச்சாகும் தாள். அலமாரிச் சூட்டிலும் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் அது மெல்ல வெளுத்து, சில வருடங்களில் வெற்றுத்தாளாகிவிடும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டவருக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கும் என்பது வேடிக்கை. பில்லை வாங்கிய அன்றே படம் எடுத்து வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

படிக்க முடியாத இடத்தில் ஊகிக்கக் கூடாது. '18 மாதம்' என்பதா '13 மாதம்' என்பதா என்று தெரியாதபோது, பெரும்பாலும் 18 ஆகத்தான் இருக்கும் என்று எழுதிவிடுகிறவர் உதவி செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார். 'இங்கே எழுத்து தெரியவில்லை, மறுபடி படம் எடுத்து அனுப்பவும்' என்று அந்த இடத்திலேயே எழுதிவிடலாம். தேதியில் இன்னும் கவனம் வேண்டும். 03/08 என்று இருந்தால் நம் நாட்டு வழக்கில் அது ஆகஸ்ட் 3. தமிழில் எழுதும்போது எண்ணை அப்படியே பெயர்த்து வைக்காமல் மாதத்தின் பெயரையே எழுதிவிட்டால் குழப்பம் அங்கேயே தீர்ந்தது.

இனி ஒரு கார்டை எடுத்து முழுதாகப் பார்க்கலாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இந்த வகை டியூபுலர் பேட்டரிகளின் கார்டுகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில்தான் இருக்கின்றன. தொகைகளும் சதவீதங்களும் கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்டவை. 150 ஆம்பியர்-அவர் பேட்டரி, வாங்கிய தேதி 3 ஆகஸ்ட் 2022, வாரன்டி 36+24 மாதம், பழுதானது மே 2026 நடுவில்.

மொழிபெயர்ப்பின் முதல் வரியில் '36+24' என்று எழுதக் கூடாது. அந்தக் கூட்டல் குறிதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது. கார்டின் பின்பக்கம் அதை இரண்டாகப் பிரிக்கிறது. முதல் 36 மாதத்தில் தயாரிப்புக் குறை இருந்தால் பேட்டரியை இலவசமாக மாற்றித் தருவார்கள். அடுத்த 24 மாதத்தில் மாற்றித் தர மாட்டார்கள். புதுப் பேட்டரி வாங்கினால் விலையில் ஒரு பங்கு தள்ளுபடி தருவார்கள். கடைகளில் இதை 'ப்ரோ ராட்டா' என்பார்கள். ஆகவே தமிழில் இப்படி எழுத வேண்டும்: இலவச மாற்று 2 ஆகஸ்ட் 2025 வரை. தள்ளுபடி மட்டும் 3 ஆகஸ்ட் 2025 முதல் 2 ஆகஸ்ட் 2027 வரை. மாதக் கணக்கை நாள் கணக்காக மாற்றித் தருவது மொழிபெயர்ப்பவரின் வேலை இல்லை என்று சிலர் சொல்லலாம். வீட்டில் இருப்பவர் கேட்டது அதைத்தானே?

மே 2026 என்பது நாற்பத்தாறாவது மாதம். தள்ளுபடி அட்டவணையில் 37 முதல் 42 வரை 40 சதவீதம், 43 முதல் 48 வரை 30 சதவீதம் என்று ஆறு ஆறு மாதமாக இறங்கிக்கொண்டே போகிறது. நம் பேட்டரிக்கு 30 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். அட்டவணைக்கு அடியில் நட்சத்திரக் குறி போட்ட ஒரு வரி, இந்தத் தள்ளுபடி 'அன்றைய தேதியின் எம்.ஆர்.பி. விலையில்' கணக்கிடப்படும், பழைய பேட்டரியை ஒப்படைத்துவிட வேண்டும் என்கிறது.

எம்.ஆர்.பி. 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதம் கழித்தால் 14,000 கட்ட வேண்டும். ஆனால் இன்வெர்ட்டர் பேட்டரியை எம்.ஆர்.பி. கொடுத்து யாரும் வாங்குவதில்லை. அதே பேட்டரி கடையில் 15,500-க்குக் கிடைக்கும். உள்ளே இருக்கும் ஈயத்துக்காகப் பழைய பேட்டரியைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு 2,500 கழிப்பார். கையிலிருந்து போவது 13,000. வாரன்டியில் போனால் 14,000, வாரன்டியை மறந்துவிட்டுக் கடைக்குப் போனால் 13,000. இது எப்போதும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது; முப்பத்தெட்டாவது மாதத்தில் 40 சதவீதம் கிடைத்திருந்தால் 12,000-தான் ஆகியிருக்கும், வாரன்டிதான் லாபம். அதனால் தமிழாக்கத்தில் அந்த நட்சத்திரக் குறி வரியை விட்டுவிட்டால் அட்டவணையைப் பெயர்த்ததே வீண். தள்ளுபடியில் வாங்கும் புதுப் பேட்டரிக்கு முழு வாரன்டி உண்டா, மீதி மாதங்கள் மட்டுமா என்பதும் கார்டுக்குக் கார்டு மாறும். அதையும் தேடி எழுத வேண்டும்.

முதல் 36 மாதத்துக்குள் இலவசமாக மாற்றிய பேட்டரிக்கு அப்படி மாறுவதில்லை. வழக்கமான வாசகம், மாற்றித் தந்த பேட்டரிக்கு முதல் பேட்டரியின் மீதிக் காலம் மட்டுமே பொருந்தும் என்பதுதான். முப்பதாவது மாதத்தில் புதிதாக ஒன்று கிடைத்தால் அதற்கு இலவச மாற்று இன்னும் ஆறு மாதம்தான். புதுப் பேட்டரி வந்த தேதியிலிருந்து மறுபடி மூன்று வருடம் எண்ணுகிறவர்கள் நிறைய.

எண்ணத் தொடங்கும் நாளிலும் ஒரு கண்ணி இருக்கிறது. காலம் வாங்கிய தேதியிலிருந்து தொடங்கும் என்று கார்டு ஒரு இடத்தில் சொல்லும். கீழே இன்னொரு இடத்தில், கார்டு முழுதாக நிரப்பப்படாமலோ டீலரின் முத்திரையும் கையெழுத்தும் இல்லாமலோ இருந்தால், பேட்டரியில் பதித்த தயாரிப்புத் தேதியிலிருந்து கணக்கிடப்படும் என்று இருக்கும். சில கார்டுகளில் வாரன்டியே செல்லாது என்றும் இருக்கும். பேட்டரி கடையில் நான்கு மாதம் தூங்கியிருந்தால் அந்த நான்கு மாதம் வாங்கியவரின் கணக்கில் போய்விடும். இந்த இரண்டு வரிகளும் கார்டில் தள்ளித் தள்ளி இருக்கும். தமிழில் அவற்றை ஒரே பத்தியில் சேர்த்து எழுதினால்தான் ஒன்றை ஒன்று வெட்டுவது தெரியும். வாங்கிய சில நாட்களுக்குள் நிறுவனத்தின் தளத்திலோ எஸ்.எம்.எஸ். மூலமோ பதிவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதுவும் இங்கேதான் வர வேண்டும்.

விலக்குகளின் பகுதி எப்போதும் நீளமானது. ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ஒரே வாக்கியம். அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக ஏழெட்டு வரி ஓடும். அதைத் தமிழிலும் ஒரே வாக்கியமாக இழுத்தால், 'பொருந்தாது' என்ற வினைச்சொல் கடைசியில்தான் வரும். அதுவரை படிப்பவர், இதற்கெல்லாம் வாரன்டி உண்டு போலிருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். 'கீழ்க்கண்டவற்றுக்கு வாரன்டி கிடைக்காது' என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் தனி வாக்கியமாக எழுதுவதுதான் சரி.

நம் கார்டில் உள்ள விலக்குகளில் சில நேரடியானவை. வெளிக்கூடு உடைந்தால் கிடையாது. டெர்மினல் உருகினால் கிடையாது. சீரியல் நம்பர் அழிந்திருந்தாலோ சுரண்டப்பட்டிருந்தாலோ கிடையாது. வீட்டு உபயோகத்துக்கு வாங்கிக் கடையிலோ பட்டறையிலோ வைத்தால் கிடையாது. இவற்றைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். சண்டை வருவது, பார்த்தால் தெரியாத இரண்டு விலக்குகளில்தான்.

ஒன்று, 'பேட்டரி வெறுமனே சார்ஜ் இறங்கியிருந்தால் அது பழுதாகாது' என்பது. வீட்டுக்காரருக்கு பேக்கப் வரவில்லை என்றால் பேட்டரி போய்விட்டது. நிறுவனத்துக்கு அப்படியில்லை. சர்வீஸ் ஆள் வந்து ஆறு மூடிகளையும் திறந்து, ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையிலும் விட்டு ஆசிட்டின் அடர்த்தியைப் பார்ப்பார். முழு சார்ஜில் இருக்கும் டியூபுலர் பேட்டரியில் அது 1240 அல்லது அதற்குச் சற்று மேலே காட்டும். ஐந்து அறைகள் 1230, 1240 என்று இருந்து ஒரு அறை மட்டும் 1120 என்று கிடந்தால், அந்த அறைக்குள் ஏதோ குறை என்று பொருள். மெக்கானிக் மொழியில் 'செல் டெட்'. வாரன்டி கிடைக்க வாய்ப்புள்ள நிலை இது. ஆறு அறைகளுமே ஒரே மாதிரி 1150-ல் இருந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று சொல்லி பேட்டரியை எடுத்துப்போய் முழுக்கச் சார்ஜ் ஏற்றி மறுபடி சோதிப்பார்கள். சார்ஜ் தாங்கினால் திருப்பித் தந்துவிடுவார்கள். அப்போது குற்றவாளி இன்வெர்ட்டராகவோ, நீண்ட நேர மின்வெட்டாகவோ, தாங்க முடியாத லோடாகவோ இருக்கலாம். அதனால் சர்வீஸ் ஆள் அளக்கும்போது ஆறு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. பிற்பாடு வாக்குவாதம் வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

இரண்டாவது விலக்கு பராமரிப்பு பற்றியது. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு நீர் ஊற்றியிருந்தால், நீர்மட்டம் குறையவிட்டிருந்தால், தனியாக ஆசிட் சேர்த்திருந்தால் வாரன்டி இல்லை. போர்த்தண்ணீரிலும் குழாய்த் தண்ணீரிலும் உள்ள உப்புகளும் இரும்பும் பிளேட்டுகளைக் கெடுக்கும். மட்டம் குறைந்து பிளேட்டின் தலை காற்றில் வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி காய்ந்து கெட்டிப்படும்; பிறகு நீர் ஊற்றினாலும் முழுதாகத் திரும்பாது. சக்தி குறைந்துவிட்டது என்று யாரோ சொல்லி ஆசிட் வாங்கி ஊற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அடர்த்தியைத்தான் ஏற்றும், ஆயுளை இறக்கிவிடும். இந்த விலக்கை மொழிபெயர்க்கும்போது கார்டில் இருக்கும் 'இம்ப்ராப்பர் மெயின்டெனன்ஸ்' என்பதை 'முறையற்ற பராமரிப்பு' என்று மட்டும் எழுதினால் வீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்காது. கார்டோ கையேடோ அதன் உதாரணங்களை வேறு பக்கத்தில் தந்திருந்தால் அவற்றை இங்கே கொண்டுவர வேண்டும். தராவிட்டால், எது முறையற்றது என்று கார்டு சொல்லவில்லை என்பதையே குறிப்பாக எழுத வேண்டும். விளக்கம் இல்லாத விலக்கு நிறுவனத்தின் கையில் உள்ள கயிறு. அது எவ்வளவு நீளம் என்று வாங்கியவருக்குத் தெரியாது.

இதே சாயலில் இன்னொரு வரி உண்டு: பழுதுபார்ப்பதா, மாற்றித் தருவதா என்பது நிறுவனத்தின் முடிவுக்கு உட்பட்டது. ஆங்கிலத்தில் 'மே' என்று இருப்பதைத் தமிழில் 'மாற்றித் தருவார்கள்' என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிற தவறு. 'மாற்றித் தரலாம், அல்லது பழுதுபார்த்துத் தரலாம். முடிவு நிறுவனத்துடையது' என்பதுதான் கார்டு சொல்வது. வாக்குறுதி இல்லாத இடத்தில் மொழிபெயர்ப்பு வாக்குறுதி கொடுக்கக் கூடாது.

எழுதியதைக் கோடிட்டுக் காட்டுவதற்கு வண்ணம் நல்ல வழிதான். விலக்குக்கு சிவப்பு, தேதிக்கு மஞ்சள், நிபந்தனைக்குப் பச்சை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஊரில் அந்தத் தாள் ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். மூன்று நிறமும் ஒரே சாம்பல் பட்டையாகிவிடும். ஓரத்தில் 'கிடைக்காது', 'தேதி', 'தேவை' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் எந்த மெஷினிலும் தப்பிக்கும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் அது கார்டின் எத்தனையாவது நிபந்தனை என்ற எண்ணையும் போட வேண்டும். டீலரிடம் பேசும்போது "உங்க கார்டுல ஏழாவது பாயின்ட்ட பாருங்க" என்று சொல்ல அதுதான் உதவும். தமிழாக்கம் வீட்டுக்காரர் புரிந்துகொள்வதற்கு. டீலரிடமும் ஆணையத்திடமும் காட்ட வேண்டியது அசல் கார்டு.

கார்டின் கடைசி வரிகளில் ஒன்று, எல்லா வழக்குகளும் இன்ன நகரத்து நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை என்று சொல்லும். அந்த நகரம் பெரும்பாலும் நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் தொலைதூர ஊர். இதை அப்படியே பெயர்த்துவிட்டு நிறுத்தினால், படிப்பவர் அவ்வளவு தூரம் யார் போவது என்று அங்கேயே விட்டுவிடுவார். பக்கத்தில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, புகார்தாரர் தான் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. புகாருக்குக் காரணமான சம்பவம் நடந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வாரன்டி மறுக்கப்பட்டால் அதை எழுத்தில் கேட்டு வாங்குவது இதற்காகத்தான். வாயால் "முடியாது சார்" என்று சொன்ன நாளை நிரூபிப்பது கஷ்டம். நிறுவனம் தன் தளத்தில் பதிந்த புகாருக்குத் தரும் எண்ணையும், அது வந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டுக்குத் திரும்பினால், மே 2026-ல் அந்த வீட்டுக்குப் போக வேண்டிய தமிழ்த் தாள் ஒரு பக்கத்துக்கு மேல் வராது. இலவச மாற்றுக் காலம் முடிந்துவிட்டது. ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் 30 சதவீதத் தள்ளுபடி கேட்கலாம், ஆனால் முதலில் கடை விலையைக் கேட்டு ஒப்பிட்டுக்கொள்ளவும். ஆறு செல்லும் ஒன்றாக இறங்கியிருந்தால் பேட்டரியை மாற்றுவதற்கு முன் இன்வெர்ட்டரைச் சோதிக்கவும். 2 ஆகஸ்ட் 2026 வரை 30 சதவீதம்; அதற்கு மறுநாள் அடுத்த படிக்கு இறங்கிவிடும். கார்டு, பில், பேட்டரி மூன்றிலும் தேதியும் நம்பரும் ஒத்துப்போகின்றன.

டீலரும் நிறுவனமும் பதில் சொல்லாமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 என்ற எண்ணை அழைக்கலாம். அங்கே தமிழிலும் பேசலாம். அழைக்கும் முன் பில் தேதியையும் சீரியல் நம்பரையும் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.